வங்கியிலிருந்து வந்த குரல்

ஆழ்வாப்பிள்ளைக்கு வாய் ஓயாத உத்தியோகம் வாய்த்திருந்தது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் வண்டிகள் புறப்படும் நேரத்தைக் குறித்து அனுப்புகிறவர் அவர். பிந்தி வந்த சாரதியோடு சண்டை, பஸ்ஸைத் தவறவிட்டவருக்கு ஆறுதல், காங்கேசன்துறைக்குப் போக வந்து பருத்தித்துறை வண்டியில் ஏறி இருந்தவரை இறக்கி விடுதல் என்று விடிந்தால் பொழுதுபடும் வரை தொண்டை காயக் கத்திக்கொண்டிருப்பார். கோப்பாய்க்கு வீடு வந்து சேர்ந்தபிறகும் அந்தக் கதைகளையெல்லாம் மனைவி குணலட்சுமிக்கு ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தால்தான் சோறு இறங்கும். அவள் பாதியைக் கேட்பாள், பாதிக்கு "ஓம் ஓம்" என்று சொல்லிக்கொண்டே பாத்திரம் கழுவுவாள்.

ஓய்வு பெற்றார். ஒரே மகன் கேதீஸ்வரன் கனடாவுக்குப் போய் அங்கேயே குடும்பமானான். பிறகு குணலட்சுமியும் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகுதான் ஆழ்வாப்பிள்ளைக்குத் தன் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. இடதுபக்கத்து வீட்டார் லண்டனில். வலதுபக்கத்து வீட்டை ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை வந்து கூட்டிவிட்டுப் பூட்டிக்கொண்டு போவார். மீன்காரர் வந்தால் இரண்டு வார்த்தை. மரக்கறிக் கடையில் இரண்டு வார்த்தை. சில நாட்களில் அந்த நாலு வார்த்தையும் இல்லை. பின்னேரம் மருந்து விழுங்கத் தண்ணீர் குடிக்கும்போது ஒரு தடவை செருமிக்கொள்வார், குரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

மகன் கெட்டவன் அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்சப்பில் வருவான். "அப்பா, சாப்பிட்டியளோ? மருந்து ஒழுங்காப் போடுறியளோ? காசு வந்ததோ?" மூன்று கேள்விக்கும் ஓம், ஓம், ஓம். அவனுக்கு ஞாயிறும் வேலை, அதற்குள் அங்கே புறப்படுகிற நேரம் வந்துவிடும். போன முறை ஊருக்கு வந்தபோது புதிய போன் ஒன்று வாங்கிக் கொடுத்து, அதில் வங்கியின் செயலியையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். ஆழ்வாப்பிள்ளை அதைத் திறந்து பார்த்தது கிடையாது. காசு தேவையென்றால் வங்கிக்குப் போவார். அங்கே வரிசையில் நிற்கும்போது யாராவது கதைக்கக் கிடைப்பார்கள்.

அந்தப் போனுக்குத்தான் டினேஸ் என்று ஒருவன் அழைப்பு எடுத்தான்.

"ஐயா வணக்கம், நான் டினேஸ் பேசுறேன். உங்க பேங்க் தலைமை அலுவலகத்தில இருந்து. ஓய்வூதியம் எடுக்கிற ஆக்களுக்குப் புதுசா ஒரு திட்டம் வந்திருக்கு. உங்க பேரும் இருக்கு ஐயா."

எந்த ஊர்ப் பேச்சு என்று பிடிபடவில்லை. ஆனால் குரல் பதமாக இருந்தது. என்ன திட்டம் என்று ஆழ்வாப்பிள்ளை கேட்க, கணக்கில் உள்ள காசுக்குக் கூடின வட்டி, மருந்துச் செலவுக்கு ஒரு உதவி என்று அவன் நிதானமாக விளக்கினான். அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டான். கொடுத்தார். பிறந்த திகதி கேட்டான். கொடுத்தார். அந்த நேரம் முழங்கால் நோவில் எழும்பி நடக்கும்போது அவர் "ஆ" என்று முனகியது அவனுக்குக் கேட்டுவிட்டது.

"என்ன ஐயா, கால் வலியா?"

அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டுக் கனகாலம். முழங்காலின் சரித்திரம் முழுவதையும் சொன்னார். அவன் இடையில் வெட்டவில்லை. எங்கள் அம்மாவுக்கும் இப்படித்தான் ஐயா, எண்ணெய் சுடவைத்துப் போடுங்கள் என்றான்.

பிறகு அவன் காலை வேளைகளில் எடுக்கத் தொடங்கினான். தினமும் இல்லை, ஆனால் எடுக்காத நாளுக்கு மறுநாள் கட்டாயம் எடுத்தான். திட்டத்தைப் பற்றி இரண்டு வசனம், மிச்சம் ஊர்க்கதை. மழை பெய்ததா, என்ன கறி வைத்தீர்கள், மகன் பேசினாரா. ஆழ்வாப்பிள்ளை பஸ் நிலையத்துக் கதைகளையெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். டினேஸ் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான். அது ஒரு சின்ன விஷயந்தான். ஆனால் காலையில் தேத்தண்ணீர் குடித்த கையோடு சவரம் செய்து, துவைத்த சேர்ட்டைப் போட்டுக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும் அளவுக்கு அது பெரிய விஷயமாகிவிட்டது.

கணக்கு இலக்கத்தையும் அப்படி ஒரு காலையில்தான் சொன்னார். கூரை ஓடு மாற்ற மகன் காசு அனுப்பப்போகிறான் என்பதையும், எப்போது வரும் என்று டினேஸ் கேட்டதற்கு மாத முடிவில் என்பதையும் சொன்னார். "அப்ப நல்லது ஐயா, அந்த நேரமே பதிவையும் முடிச்சிடலாம். உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை மட்டும் எனக்குச் சொன்னாப் போதும்" என்றான் டினேஸ்.

அந்த மாத முடிவில், தமக்கையின் புருஷனுடைய ஆண்டுத் திவசம் உரும்பிராயில் வந்தது. தமக்கையின் மகள் தக்சாயினி ஒரு வங்கிக் கிளையில் உதவி முகாமையாளர். திவசத்துக்கு வந்த உறவுக்காரர் எல்லாரும் நரைத்த தலைகள். இளசுகள் வெளிநாட்டில் இருந்தபடி வாட்சப் குழுமத்தில் கைகூப்பிய படம் போட்டுவிட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்து, பாயாசக் கோப்பைகள் எடுபட்டபின், தக்சாயினி விறாந்தைக் கதிரைகளை உள்ளே இழுத்துப் போடச் சொன்னாள்.

"ஒருத்தரும் எழும்பிப் போகாதேங்கோ. எனக்கு உங்களோடை கொஞ்சம் கதைக்க இருக்கு. போன கிழமை எங்கடை கிளைக்கு ஒரு அம்மா அழுதுகொண்டு வந்தவ. கணக்கிலை ஒண்டும் மிச்சமில்லை. அப்பிடி ஒருத்தர் என்ரை வீட்டிலை இருந்து வரக்கூடாது."

ஆழ்வாப்பிள்ளை மின்விசிறிக்கு நேரே ஒரு கதிரையைப் பிடித்து வசதியாக உட்கார்ந்தார். நாலு பேர் கூடியிருக்கிற இடம் என்றாலே அவருக்கு மனம் நிறைந்துவிடும்.

தக்சாயினி தன் போனை எடுத்துக்கொண்டு பேசாமல் பக்கத்து அறைக்குள் போனாள். சற்று நேரத்தில், திவசத்துக்கு வந்திருந்த அவளுடைய பெரியம்மா சிவகௌரியின் கைப்பையில் போன் அடித்தது. பெரியம்மா எடுத்தா.

"வணக்கம் அம்மா, உங்கடை வங்கியிலை இருந்து கதைக்கிறம். உங்கடை கார்டு இண்டையோடை வேலை செய்யாது. உங்கடை நன்மைக்குத்தான் எடுத்தனாங்கள். அடையாள அட்டை நம்பரைச் சொல்லுங்கோ."

அறைக்குள்ளிருந்து வந்த குரல் எல்லாருக்கும் கேட்டது, பெரியம்மாவைத் தவிர. அவ பதறிப்போய் இலக்கத்தை ஒவ்வொன்றாக ஒப்புவிக்கத் தொடங்கினா. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தக்சாயினி சிரித்தபடி வெளியே வந்தாள். "பாத்தியளோ பெரியம்மா? நான் ஆர் எண்டு கூடக் கேக்கேல்லை."

"உன்ரை குரல் மாதிரித்தான் கிடந்தது, எண்டாலும் பாங்கு எண்டவுடனை பயந்திட்டன்" என்று பெரியம்மாவும் சேர்ந்து சிரித்தா.

ஆழ்வாப்பிள்ளையும் சிரித்தார். பிறகு தக்சாயினி விளக்கத் தொடங்கினாள்.

"கவனமாக் கேளுங்கோ. அடையாள அட்டை நம்பரும் கணக்கு நம்பரும் கிடைச்சால் அவன் என்ன செய்வான்? தன்ரை போனிலை காசு கட்டுற செயலி ஒண்டைப் போட்டு, அதுக்குள்ளை உங்கடை கணக்கை இணைக்கப் பாப்பான். உடனை வங்கி, இது உண்மையிலை நீங்கள்தானோ எண்டு பாக்க உங்கடை போனுக்கு ஒரு நம்பர் அனுப்பும். அதுதான் ஓ.டி.பி. அந்த நம்பரை அவனுக்குச் சொன்னியளோ, உங்கடை கணக்கு அவன்ரை போனுக்குள்ளை போயிட்டுது. பிறகு அவன் எங்கை இருந்தும் எடுக்கலாம். வங்கியிலை இருந்து ஒருத்தரும் அந்த நம்பரைக் கேக்கமாட்டினம். நான் கேட்டாலும் சொல்லாதேங்கோ."

"காசு தாறதுக்கு எண்டு கேட்டால்?" என்று யாரோ கேட்டார்.

"உங்களுக்குக் காசு வாறதுக்கு ஓ.டி.பி.யும் வேண்டாம், ரகசிய இலக்கமும் வேண்டாம். கியூஆர் படத்தை அனுப்பி, இதை ஸ்கேன் பண்ணினால் காசு வரும் எண்டு சொல்லுவாங்கள். ஸ்கேன் பண்ணினால் காசு போகும், வராது. லிங்க் வந்தால் தொடாதேங்கோ. சந்தேகம் எண்டால் போனை வைச்சிட்டு, கார்டுக்குப் பின்னாலை அடிச்சிருக்கிற நம்பருக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கோ. அவன் தாற நம்பருக்கு இல்லை."

ஆழ்வாப்பிள்ளையின் முகத்தில் சிரிப்பு எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது. மின்விசிறிக்கு நேரே இருந்தும் கழுத்தடியில் வேர்த்தது. அடையாள அட்டை, பிறந்த திகதி, கணக்கு இலக்கம். உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை மட்டும். சொல்லுக்குச் சொல் அதேதான்.

"சிலபேர் ஒரே நாளிலை கேக்கமாட்டாங்கள்" என்றாள் தக்சாயினி. "கதைச்சுக் கதைச்சுப் பழகுவாங்கள். சுகம் விசாரிப்பாங்கள். கணக்கிலை காசு வாற நாளைப் பாத்துக்கொண்டு இருப்பாங்கள். இஞ்சை ஆருக்காவது அப்பிடிப் போன் வந்ததோ? வந்தால் கையை உயர்த்துங்கோ, வெக்கப்படாதேங்கோ."

ஒருவரும் உயர்த்தவில்லை. ஆழ்வாப்பிள்ளை தன் கை இரண்டையும் மடியில் வைத்து, நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவகௌரிப் பெரியம்மாவைப் பார்த்து ஒரு நிமிடந்தான் சிரித்தார்கள். தன்னுடைய கதையைச் சொன்னால் ஒவ்வொரு திவசத்துக்கும் கலியாணத்துக்கும் அது பரிமாறப்படும். அது மட்டுமல்ல. அவன் கள்ளன் என்று சொன்னால், தான் அவனுக்காகச் சவரம் செய்துகொண்டு காத்திருந்ததையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்த நாள் காலை அவர் சவரம் செய்யவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். காசு முதல்நாளே வந்திருந்தது, மகன் செய்தி அனுப்பியிருந்தான். எடுக்கக்கூடாது என்றுதான் நினைத்தார். அடித்தது. ஓய்ந்தது. திரும்ப அடித்தது. அந்த வீட்டுக்குள் அது ஒன்றுதான் சத்தம். ஈரக் காலோடு உள்ளே வந்து எடுத்தார்.

"என்ன ஐயா, எடுக்க நேரமாச்சு? பயந்திட்டேன். கால் எப்படி?"

"இருக்குது தம்பி."

"எண்ணெய் போட்டீங்களா?"

"போட்டனான். கொஞ்சம் சுகம்."

அது உண்மை. அவன் சொன்ன எண்ணெய் கொஞ்சம் கேட்டிருந்தது. ஒருவேளை தக்சாயினி சொன்னது வேறு ஆட்களைப் பற்றியாக இருக்கலாம், இவன் உண்மையிலேயே வங்கிப் பொடியனாக இருக்கலாம் என்று ஒரு கணம் மனம் அவனுக்காக வழக்காடிப் பார்த்தது.

"ஐயா, இன்னைக்குப் பதிவை முடிச்சிடுவோம். இப்ப ஒரு மெசேஜ் வரும், பாருங்க."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். செய்தி வந்தது. ஆறு இலக்கங்கள். அதற்குக் கீழே, இதை வங்கி ஊழியர் உட்பட யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டு அதை இரண்டு தரம் வாசித்தார்.

"வந்திட்டுதா ஐயா?"

"வந்திட்டுது."

"சொல்லுங்க."

"தம்பி, நான் ஒண்டு கேக்கிறன். உந்த நம்பரைச் சொன்னால், நாளைக்கும் எடுப்பீரோ?"

மறுபக்கத்தில் எங்கோ ஒரு வாகனம் ஹோர்ன் அடித்தது கேட்டது.

"கட்டாயம் எடுப்பேன் ஐயா. ஏன் எடுக்காம? சீக்கிரம் சொல்லுங்க, நேரம் போனா அந்த நம்பர் செல்லாது."

"எடுக்கமாட்டீர்" என்றார் ஆழ்வாப்பிள்ளை. "சொல்லாட்டிலும் எடுக்கமாட்டீர். எனக்கு விளங்கியிட்டுது தம்பி."

"என்ன ஐயா பேசுறீங்க? உங்க நன்மைக்குத்தான் நான் இவ்வளவு நாளா..."

"ஓம், இவ்வளவு நாளாக் கதைச்சனீர். அம்மாவுக்கு முழங்கால் நோ எண்டு சொன்னது மெய்யோ?"

இணைப்பு அறுந்தது. திட்டியிருந்தால் கூட மனம் ஆறியிருக்கும் போல இருந்தது அவருக்கு.

பஸ் பிடித்துத் தக்சாயினியின் வங்கிக்குப் போனார். கணக்கும் அங்கேதான். அவரைக் கண்டதும் அவள் தன் மேசைக்கு முன் இருத்தினாள். அவர் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"நம்பரைச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"கடவுளே." அவள் மூச்சை விட்டாள். உடனே கணினிப் பக்கம் திரும்பினாள். கணக்கு வேறு எந்தச் செயலியிலும் இணைக்கப்படவில்லை என்று பார்த்தாள். இணையவழிக் கொடுக்கல் வாங்கலைத் தற்காலிகமாக நிறுத்தி, அவருடைய செயலியின் கடவுச்சொல்லை மாற்றச் செய்தாள். அவன் எடுத்த இலக்கத்தை வாங்கிக்கொண்டு, பொலிஸில் ஒரு முறைப்பாடும் போடவேண்டும் என்றாள். ஆனால் அந்த இலக்கம் வேறு யாருடையவோ பெயரில் இருக்கும், ஆளைப் பிடிப்பது கஷ்டம் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

"நேற்றுக் கேட்டனான் தானே மாமா, ஏன் கையை உயர்த்தேல்லை?"

"எல்லாரும் சிரிச்சவை, பிள்ளை."

அவள் கணினியில் தட்டிக்கொண்டே கேட்டாள், "இவ்வளவு நாளும் அப்பிடி என்னதான் கதைச்சவன்?"

"கால் எப்பிடி எண்டு கேட்டவன்."

தட்டுகிற சத்தம் நின்றது. உரும்பிராய்க்கும் கோப்பாய்க்கும் இடையில் சைக்கிளில் போகிற தூரந்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் பியூனைக் கூப்பிட்டு மாமாவுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். பிறகு வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியதால், ஆழ்வாப்பிள்ளை அரைவாசியைக் குடித்துவிட்டு எழும்பினார்.

அதன்பின் காலை வேளைகள் கொடுமையாகக் கிடந்தன. காசு தப்பியது என்று மகன் சந்தோஷப்பட்டான், பிறகு கோபித்தான், பிறகு வேலைக்குப் போனான். தக்சாயினி சில நாட்கள் எடுத்தாள். "மாமா, சாப்பிட்டியளோ?" என்று கேட்கும்போதே பின்னால் யாரோ அவளைக் கூப்பிடும் சத்தம் கேட்கும். அவளைக் குறை சொல்ல ஆழ்வாப்பிள்ளைக்கு மனம் வரவில்லை. வெட்கமான உண்மை ஒன்று இருந்தது. அவர் அந்தக் கள்ளனின் குரலைத் தேடினார்.

ஒரு மாதம் கழித்து, நீர்வேலி முதியோர் சங்கத்தில் அதே விளக்கத்தைச் செய்யத் தக்சாயினியைக் கேட்டிருந்தார்கள். அவள் மாமாவையும் கூட்டிக்கொண்டு போனாள். வழியில், "விருப்பம் எண்டால் சொல்லுங்கோ, இல்லாட்டில் சும்மா இருங்கோ" என்றாள்.

மண்டபம் நிறைய ஆட்கள். அவள் கேட்டாள்: அப்படி யாருக்காவது போன் வந்ததா? அங்கேயும் ஒரு கையும் எழும்பவில்லை. ஆழ்வாப்பிள்ளை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பஸ் நிலையத்தில் கத்திப் பழகிய தொண்டை, ஒலிவாங்கி தேவைப்படவில்லை.

"எனக்கு வந்தது. நான் மடையன் இல்லை. அவன் ஆர் எண்டு தெரியாமல் கதைச்சது ஒரு பங்கு. மற்றப் பங்கு என்னெண்டால், அவன் கேட்டான், நான் கதைச்சன். வேறை ஒருத்தரும் கேக்கேல்லை. திவச வீட்டிலை இந்தப் பிள்ளை சொல்லாட்டில் நான் நம்பரைக் குடுத்திருப்பன். அவனுக்கு வலு சந்தோஷமாக் குடுத்திருப்பன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு அம்மா கையை உயர்த்தினா, பாதியளவுக்கு. அவவுக்குப் பக்கத்தில் இன்னொருவர்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒருவர் கிட்ட வந்தார். முருகேசு என்று பெயர் சொன்னார். வாழைத் தோட்டக்காரர், பெண்சாதி இல்லை, பிள்ளைகள் பிரான்ஸில். சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, எனக்கும் ஒருத்தி எடுக்கிறவ. வங்கி எண்டுதான். இன்னும் நம்பர் கேக்கேல்லை. நான் கையை உயர்த்தேல்லை."

"இப்பவே வாரும், பிள்ளையிட்டைச் சொல்லுவம்."

"சொல்லலாம்." அவர் சைக்கிள் மணியை விரலால் தடவினார். "சொன்னால் அவ இனி எடுக்கமாட்டா. அதுக்குப் பிறகு ஆர் எடுக்கிறது?"

ஆழ்வாப்பிள்ளை முருகேசுவின் தோளைப் பிடித்துத் தக்சாயினியிடம் அழைத்துப் போனார். அவள் அந்த இடத்திலேயே, கார்டின் பின்புறத்து இலக்கத்துக்கு முருகேசுவையே எடுத்துக் கதைக்க வைத்தாள். அந்த இலக்கத்தில் இருந்தவர்கள், தங்கள் பக்கத்தில் இருந்து அப்படி ஒருவரும் எடுக்கவில்லை என்றார்கள். முருகேசு தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அந்த முகத்தை ஆழ்வாப்பிள்ளை பார்க்கவில்லை. தன்னுடைய முகம் அன்று எப்படி இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த கிழமை ஒரு காலையில் பஸ் ஏறி நீர்வேலிக்குப் போனார். முருகேசு வாழைகளுக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியைச் சாத்திவிட்டு வந்து கதிரை எடுத்துப் போட்டார். தேத்தண்ணீர் ஊற்றினார், சீனி கூடிப்போயிருந்தது. மழையைப் பற்றிக் கதைத்தார்கள். வாழைக்குலை விலையைப் பற்றிக் கதைத்தார்கள். அதோடு கதை முடிந்துவிட்டது. ஆழ்வாப்பிள்ளை பஸ் நிலையத்துக் கதை ஒன்றை எடுத்துப் பார்த்தார். முருகேசுவுக்குக் காது கொஞ்சம் மந்தம், சிரிக்க வேண்டிய இடம் வந்து போனது தெரியாமல் தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டினேஸ் சிரித்திருப்பான் என்று ஆழ்வாப்பிள்ளை நினைத்தார். நினைத்ததற்காகத் தன்னையே நொந்துகொண்டார்.

"என்ன சொன்னனீங்கள் அண்ணை? விளங்கேல்லை" என்றார் முருகேசு, கதிரையைக் கிட்ட இழுத்து, நல்ல காதை அவர் பக்கம் திருப்பியபடி.

ஆழ்வாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, கதையை முதலில் இருந்து, கொஞ்சம் உரத்துச் சொல்லத் தொடங்கினார்.